பாக்கெட் நோட்டா, வாட்ஸாப்பா, டாஸ்க் ஆப்பா: சொன்ன வாக்கை எங்கே போட்டு வைப்பது?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கு வேலை மேசை தேடி வருவதில்லை. லிஃப்டில் வரும், கேட்டில் வரும், மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் அங்கேயும் வரும். "சார், எங்க பாத்ரூம் சுவர்ல ஓதம் ஏறுது, மேல் வீட்டுல கொஞ்சம் சொல்லுங்க" என்பார் ஒருவர். "சம்ப் கடைசியா எப்போ கழுவினாங்க?" என்று இன்னொருவர் கேட்பார். மோட்டார் ரூம் பூட்டு இறுகிப்போய்விட்டது என்று வாட்ச்மேன் சொல்லுவார். எல்லாருக்கும் நாம் தருகிற பதில், "சரி, பார்த்துச் சொல்றேன்." கேட்டவருக்கு அது வாக்கு. நமக்கோ, அடுத்த ஆள் பேச ஆரம்பித்ததும் மறந்து போகும் பேச்சு.

இப்படிச் சிதறி வருகிற வாக்குகளை எல்லாம் ஒரே இன்பாக்ஸில் போட்டு, தினமும் ஒருமுறை அதைக் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் அடுத்து கையால் செய்ய வேண்டிய காரியம் எது என்று முடிவு செய்வதுதான் முறை. முறையில் பெரிய சிக்கல் இல்லை. அந்த இன்பாக்ஸ் எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நம் ஊர் நிலைமையில் உண்மையான போட்டி மூன்றுக்குள்தான்: சட்டைப்பை நோட்டு, வாட்ஸாப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்ளும் சாட், கூகுள் டாஸ்க்ஸ் மாதிரி ஒரு பணிப்பட்டியல் ஆப்.

மூன்றையும் எதை வைத்து அளப்பது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆப்பில் என்னென்ன வசதி இருக்கிறது என்பது முக்கியமில்லை. பார்க்க வேண்டியது இரண்டே. ஒன்று, ஒரு கையில் பால் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருக்கும்போது, எதிரில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே அதில் போட முடிகிறதா. இரண்டு, அது கண்ணுக்குத் தெரியும்படி காலியாகிறதா.

முதலாவது எல்லாருக்கும் புரியும். இரண்டாவதுக்கு ஒரு காரணம் உண்டு. 2011இல் மாசிகாம்போ, ராய் பாமெய்ஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடிக்காத வேலையை நினைத்துக்கொண்டே வேறொன்றைப் படித்தவர்களுக்கு அந்த வேலை நடுநடுவே மனத்தில் வந்து குறுக்கிட்டது. அதே வேலையை எப்படிச் செய்யப்போகிறோம் என்று குறிப்பாகத் திட்டம் போட்டவர்களுக்கு, வேலை இன்னும் முடியாமலே இருந்தும், குறுக்கீடு அடங்கியது. ஆக, மனத்தை விடுவிக்கிறது எழுதி வைப்பது மட்டுமல்ல. என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்வது. போட்டுப் போட்டு நிரம்பி, ஒருநாளும் கொட்டப்படாத இன்பாக்ஸால் அந்தப் பயன் வராது. எதில் போடுவது சுலபம் என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

வாட்ஸாப்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலானோர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். 2022 கடைசியில் "Message yourself" என்ற வசதி வந்தது. புதிய சாட் தொடங்கும் இடத்தில் நம் பெயரே தொடர்புகளில் வரும். அதைத் திறந்து, பட்டியலின் உச்சியில் பின் செய்து வைத்தால் போதும். போடும் வேகத்தில் இதை அடிக்க வேறெதுவும் இல்லை. கையில் இருக்கிற போன், ஏற்கெனவே திறந்திருக்கிற ஆப். சுவரில் ஓதம் ஏறிய இடத்தைப் படம் எடுத்து அங்கேயே அனுப்பிவிடலாம். குடியிருப்புக் குழுவில் யாராவது புகார் போட்டால் ஃபார்வர்டு செய்துவிடலாம்.

ஆனால் ஃபார்வர்டு செய்யும்போது ஒன்று தொலைகிறது. மூலச் செய்தியை யார் அனுப்பினார் என்பது கூட வராது. 'Forwarded' என்ற அடையாளம் மட்டும்தான் இருக்கும். "தண்ணி ரெண்டு நாளா கலங்கலா வருது" என்று ஒரு வரி இரவில் உங்கள் சாட்டில் கிடக்கும். எந்த வீடு என்று தேடிக்கொண்டு மறுபடியும் குழுவுக்குள் போவீர்கள், அங்கே நாற்பது புதுச் செய்திகள் காத்திருக்கும். ஃபார்வர்டு செய்த கையோடு "2A, தண்ணி" என்று ஒரு வரி தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும். அதில் பெயரும் நேரமும் இருக்கும்.

வாய்ஸ் நோட் பற்றியும் சொல்ல வேண்டும். பேசுவது சுலபம்தான். ஆனால் இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்க நேரம் பிடிக்கும். பார்த்த மாத்திரத்தில் என்ன விஷயம் என்று தெரியாத எதுவும் இன்பாக்ஸில் கனக்கும். பத்து நொடிக்குள் முடிந்தால் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

வாட்ஸாப்பின் உண்மையான பலவீனம் அது தானாகக் காலியாகாது என்பது. செய்த வேலையும் செய்யாத வேலையும் ஒரே மாதிரி மேலே ஏறிப் போகும். ஸ்டார் போட்டுக்கொள்கிறேன், தேடி எடுத்துக்கொள்கிறேன் என்பார்கள். தேடல் நமக்குக் கை கொடுப்பதில்லை. காலையில் 'sump' என்று அடிப்போம், மதியம் 'samp' என்று அடிப்போம், வாய்ஸ் டைப்பிங்கில் 'சம்ப்' என்று வரும். ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டும் வராது. எனவே இதை இன்பாக்ஸாக வைத்தால் ஒரே ஒரு விதி: முடிவு செய்த செய்தியை நீண்ட அழுத்து அழுத்தி நீக்கிவிட வேண்டும். அந்த சாட் வெறுமையாக இருந்தால்தான் இன்றைய வேலை முடிந்தது. மளிகைப் பட்டியல், பிடித்த கவிதை, ஆதார் ஸ்கேன் என்று அதே சாட்டில் சேமித்து வைக்கிறவர்களுக்கு இந்த விதி நடக்காது. அவர்கள் சேமிப்புகளுக்கு, தான் மட்டுமே இருக்கும் வேறொரு குழு தொடங்கிக்கொள்வது நல்லது.

சட்டைப்பை நோட்டுக்கு வருவோம். மேலே ஸ்பைரல் போட்ட, உள்ளங்கையில் அடங்குகிற நோட்டு. பக்கத்துக்கு ஒரே ஒரு விஷயம். காகிதம் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், ஆனால் இதில்தான் அதன் பலம் முழுக்க இருக்கிறது: முடிவு செய்த பக்கத்தைக் கிழித்துவிடலாம். கிழிபடாத பக்கம் எத்தனையோ அத்தனை முடிவு பாக்கி. எந்த ஆப்பும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. பக்கத்தில் ஐந்து வரி என்று எழுத ஆரம்பித்தால் மூன்று அடிக்கப்பட்டு, இரண்டு அடிக்கப்படாமல், எந்தப் பக்கமும் முடியாமலே நோட்டு தீரும்.

இன்னொரு பலமும் உண்டு. வயதில் மூத்தவர் ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது போனை எடுத்துத் தட்டினால், கவனிக்கவில்லை என்று நினைக்கிறார். நோட்டை எடுத்து எழுதினால், எழுதிக்கொள்கிறார் என்று நிம்மதியாகப் போகிறார். பேனா மட்டும் கவனம்: சுவரில் வைத்து எழுதினால் பால்பாயிண்ட் கொஞ்ச நேரத்தில் மை விடாது; சின்ன பென்சில் எந்த நிலையிலும் எழுதும்.

நோட்டின் குறை, அது எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும் என்பது. சட்டைப்பை இருக்கிற ஆண்களுக்கு இது பிரச்சினையே இல்லை. புடவையிலும் பெரும்பாலான சுடிதாரிலும் பை கிடையாது. நோட்டு கைப்பையில் இருக்கும், கைப்பை வீட்டில் இருக்கும், பேச்சோ கேட்டில் நடக்கும். பெண் செயலாளர்கள் பலர் போனையே நம்புவதற்கு இது போதுமான காரணம். அப்புறம், படமும் குழுச் செய்தியும் நோட்டுக்குள் வராது. "வாட்ஸாப் – 2A தண்ணி" என்று சுட்டி எழுதிக்கொள்ள வேண்டும். அதில் கஷ்டமில்லை, பழகிவிடும்.

டாஸ்க் ஆப். அலுவலகத்தில் பயன்படுத்திப் பழகியவர்கள் நேராக இதற்குத்தான் போவார்கள். வேலையை டிக் செய்தால் மறைகிறது, ஆகவே காலியாவது தெரிகிறது. ஜிமெயிலில் ஒரு மெயிலைத் திறந்து 'Add to Tasks' கொடுத்தால் அந்த மெயிலோடு இணைந்தே வேலை பதிவாகிறது. ஆடிட்டர், லிஃப்ட் நிறுவனம் போன்ற இடங்களிலிருந்து வரும் மெயில்களுக்கு இது அருமை. ஆனால் கேட்டில் நிற்கும்போது ஆப் நம்மைக் கேள்வி கேட்கிறது: எந்தப் பட்டியல், எந்தத் தேதி, விவரம் என்ன? விட்டுவிடலாம் என்றாலும், பெட்டி தெரிந்தால் நிரப்பத் தோன்றுகிறது. யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் 'நாளை' என்று போடுவோம். நாளை விடிந்தால் பத்து வேலையும் ஒரே தேதியில் நிற்கும், மறுநாள் எல்லாம் தேதி கடந்தவையாகிவிடும். பொய்த் தேதி நிறைந்த பட்டியலில் உண்மையான கடைசித் தேதி ஒன்று இருந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

மின்னஞ்சலுக்கே எல்லாவற்றையும் அனுப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஜிமெயிலில் உங்கள் முகவரியோடு `+inbox` சேர்த்து (`peyar+inbox@gmail.com` என்பது போல) அனுப்பினால் அது உங்களுக்கே வரும். ஃபில்டர் வைத்துத் தனி லேபிளில் விழச் செய்யலாம். நாள் முழுக்க கணினி முன் இருப்பவருக்கு இது போதும். லிஃப்டில் பிடித்துக்கொள்ளப்படும் செயலாளருக்குச் சரிவராது.

என் தீர்ப்பு இது. ஆப்பை இன்பாக்ஸாக வைக்காதீர்கள். இதைத்தான் செய்யப்போகிறோம் என்று முடிவு செய்த காரியங்களின் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். இன்பாக்ஸ் என்பது யோசிக்காமல் போடும் இடம், பட்டியல் என்பது யோசித்த பிறகு எழுதும் இடம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் அரைகுறையாக எழுதியதும் தெளிவாக எழுதியதும் கலந்துபோய், பட்டியலைத் திறக்கவே பிடிக்காமல் போகும். இன்பாக்ஸாக, உங்களுக்கு வரும் வாக்குகள் பெரும்பாலும் நேரில், வாய்வழியாக வருகின்றன, சட்டைப்பையும் இருக்கிறது என்றால் நோட்டு. குழுச் செய்தியும் படமுமாக வருகின்றன, அல்லது நோட்டு கூடவே இருக்க வழியில்லை என்றால் வாட்ஸாப், நீக்கும் விதியோடு. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இரண்டு இடத்தில் பார்க்க வேண்டியிருந்தால், அசதியான இரவில் ஒன்றை மட்டும் பார்ப்போம்.

இனி இன்பாக்ஸைக் கொட்டும்போது என்ன நடக்கிறது என்று ஒரு மாலையின் ஐந்து துண்டுகளை வைத்துப் பார்ப்போம். "3B ஓதம்", "சம்ப்", "மோட்டார் ரூம் பூட்டு", "ஆடிட்டர் – பேங்க் ஸ்டேட்மெண்ட்", "5A விசிட்டர் பார்க்கிங்".

பூட்டு சுலபம். "Getting Things Done" என்ற புத்தகத்தை எழுதிய டேவிட் ஆலன் பரப்பிய இரண்டு நிமிட விதி இதற்குத்தான்: இரண்டு நிமிடத்துக்குள் முடியும் என்றால் எழுதி வைக்காதே, இப்போதே செய். இன்டர்காமில் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "அண்ணே, நாளைக்கு ஒரு மெஷின் ஆயில் வாங்கி விட்டுப் பாருங்க, பில்லை எடுத்து வைங்க" என்றால் முடிந்தது. இந்த விதி கொட்டும் நேரத்துக்கு மட்டும்தான். கேட்டில் நின்றபடி இதைப் பிடித்துக்கொண்டால் நாள் முழுக்க இரண்டு இரண்டு நிமிடமாகப் போய்விடும்.

ஆடிட்டருக்கு ஸ்டேட்மெண்ட். "ஸ்டேட்மெண்ட் அனுப்பணும்" என்று எழுதலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் நெட் பேங்கிங் யாரிடம் இருக்கிறது? பொருளாளரிடம். அப்படியானால் நம் அடுத்த காரியம், "பொருளாளருக்கு வாட்ஸாப்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஸ்டேட்மெண்ட் பிடிஎஃப் வேண்டும்" என்று அனுப்புவது. அனுப்பியதும் அது நம் வேலைப் பட்டியலில் இருக்கக் கூடாது. 'காத்திருப்பு' என்ற தனிப் பட்டியலுக்குப் போக வேண்டும், யார், எது, எந்தத் தேதியில் கேட்டோம் என்ற மூன்றோடும். தேதி இல்லாமல் எழுதினால் எப்போது மறுபடி ஞாபகப்படுத்தலாம் என்றே தெரியாது.

5A கேட்ட பார்க்கிங் விஷயம் செயலாளர் தனியாக முடிவு செய்யக்கூடியதில்லை. கமிட்டிக் கூட்டத்தின் அஜெண்டாவில் ஒரு வரி; 5A-க்கு, "அடுத்த கமிட்டிக் கூட்டத்துல வைக்கிறேன் மேடம்" என்று ஒரு செய்தி. கொட்டும்போது சில வாக்குகளை இப்படித் திருப்பி ஒப்படைப்பதும் ஒரு முடிவுதான். ஒப்படைத்ததைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

சம்ப். ஒரே ஒரு சொல்லாக எழுதப்பட்டவைதான் பட்டியலில் மாதக்கணக்கில் கிடக்கும். இதைப் பின்னாலிருந்து இழுத்துப் பார்க்க வேண்டும். சம்ப் கழுவ வேண்டும். அதற்கு அன்றைக்குத் தண்ணீர் நிறுத்த வேண்டும். அதற்கு முதல் நாளே எல்லா வீட்டிலும் பிடித்து வைக்கச் சொல்லி அறிவிப்புப் போட வேண்டும். அறிவிப்புக்குத் தேதி வேண்டும். தேதிக்குக் கழுவும் ஆள் வேண்டும். ஆளின் நம்பர் பழைய பொருளாளரிடம் இருக்கிறது. இழுத்து இழுத்து எங்கே நிற்கிறதோ அதுதான் அடுத்த காரியம்: "பழைய பொருளாளருக்குப் போன்: சம்ப் கழுவுபவர் நம்பர், போன தடவை எவ்வளவு வாங்கினார்?" இதற்கு முன்னால் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, போனை எடுத்தால் போதும். "சம்ப் கழுவி முடிந்தது" என்பதை நடந்துகொண்டிருக்கும் காரியங்களின் பட்டியலில் தனியாக ஒரு வரி எழுதி வைக்கிறோம், ஏனென்றால் போன் பேசி முடித்து டிக் செய்ததும் மொத்த விஷயமும் மறைந்துபோகக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடுத்த காரியமோ ஒரு காத்திருப்போ இருக்கிறதா என்று சரிபார்த்தால் போதும்.

3B ஓதம்தான் இதில் மிக நுட்பமானது. "மேல் வீட்டில் சொல்லுங்க" என்று கேட்டார்கள், ஆகவே "4B-யில் பேசணும்" என்று எழுதத் தோன்றும். அங்கே போய் என்ன சொல்வது என்று ஒரு நிமிடம் யோசித்தால் நாம் இன்னும் சுவரையே பார்க்கவில்லை என்று தெரியும். ஓதம் சீலிங்கை ஒட்டி இறங்கினால் மேல் வீட்டுப் பக்கம் சந்தேகிக்கலாம். தரையை ஒட்டி மேலே ஏறினால் பெரும்பாலும் அதே வீட்டுக் குழாயோ தரையோதான். மேலிருந்துதான் என்றாலும், எப்போதும் ஈரமாகவே இருந்தால் தண்ணீர் வரும் குழாயில் கசிவு இருக்கலாம். குளித்த பிறகு மட்டும் கூடினால் தரை ஓரமோ வடிகால் இணைப்போ காரணமாக இருக்கலாம். எனவே அடுத்த காரியம்: "நாளை காலை 3B-க்குப் போய்ச் சுவரைப் பார்த்து, சீலிங் ஓரமும் தரை ஓரமும் சேர்த்துப் படம் எடுக்க, எந்த நேரத்தில் ஈரம் கூடுகிறது என்று கேட்க." முதலில் எழுத நினைத்ததைச் செய்திருந்தால், குற்றமில்லாத வீட்டில் போய்ப் புகார் சொல்லியிருப்போம். அடுத்த காரியத்தை அந்த அளவு குறிப்பாக எழுதும்போதுதான் தவறான திசை முன்கூட்டியே தெரிகிறது.

எழுதியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அந்த வரியை அப்படியே துணைச் செயலாளரிடம் கொடுத்தால், திரும்பி ஒரு கேள்வி கூடக் கேட்காமல் அவரால் செய்ய முடியுமா? "சம்ப்" என்று கொடுத்தால் என்ன சம்ப் என்பார். "பழைய பொருளாளருக்குப் போன்: நம்பர், ரேட்" என்று கொடுத்தால் போனை எடுப்பார்.

கோளாறு எங்கே என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடும். ஒரே வரி தொடர்ந்து சில நாள் பட்டியலில் கிடந்து, பார்க்கும் போதெல்லாம் கண் அதைத் தாண்டிப் போனால், அது காரியமில்லை, இன்னும் முடிவு செய்யாத தலைப்பு. மறுபடி பின்னாலிருந்து இழுக்க வேண்டும். இழுத்த பிறகும் கிடந்தால், செய்ய விருப்பமில்லாததை ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்; கேட்டவரிடம் போய் முடியாது என்று சொல்லிவிடுவதுதான் அதன் அடுத்த காரியம். வாட்ஸாப் சாட் ஒரு திரைக்கு மேல் நீண்டுவிட்டால் நீக்கும் விதி தளர்ந்திருக்கிறது. நோட்டு இருக்கும்போதே பால் பில்லின் பின்பக்கத்தில் குறிப்புகள் தென்பட்டால், நோட்டு கூடவே வருவதில்லை. அப்போது வாட்ஸாப்புக்கு மாறிவிடலாம்.

கடைசியாக ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சங்கச் செயலாளர் பதவி பொதுக்குழு வரைக்கும்தான். அப்புறம் வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். கிழித்த நோட்டை யாரிடமும் கொடுக்க முடியாது, சொந்த வாட்ஸாப் சாட்டையும் கொடுக்க முடியாது. கொடுக்கக்கூடியவை நடந்துகொண்டிருக்கும் காரியங்களின் பட்டியலும் காத்திருப்புப் பட்டியலும்தான். ஆகவே அந்த இரண்டையும் ஆரம்பத்திலிருந்தே ஒரு கூகுள் ஷீட்டிலோ சங்கத்தின் ரெஜிஸ்டரிலோ வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர் முதல் நாளே திறந்து, 3B சுவர் எந்த நிலையில் இருக்கிறது, பிளம்பர் எப்போது வருவதாகச் சொன்னார் என்று பார்த்துக்கொள்வார்.